முதலில் வருவது நெய்யின் வாசனை

அவர் போய்ப் பதினாலு மாதம் கழித்துத்தான் மறுபடியும் கடலை மாவு லட்டுக்காக அடுப்பைப் பற்ற வைத்தேன். எனக்காகச் செய்யவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண் தன் பிள்ளையின் பிறந்த நாளுக்கு எழுபது லட்டு கேட்டாள். "நீங்க பண்ற மாதிரி யாருக்கும் வராது அக்கா" என்று முன்பணத்தையும் கையில் திணித்துவிட்டுப் போனாள். இருபத்தெட்டு வருஷம் செய்த லட்டுதானே, இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த பத்து நாளில் இரண்டு கிலோ கடலை மாவு, ஒரு கிலோ நெய், முக்கால் கிலோ சர்க்கரை வீணாகப் போயின. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இத்தனை வருஷமும் அந்த லட்டைப் பாதிதான் நான் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

என் பிறந்த வீட்டில் மாலாடுதான் பிடிப்போம். அதற்குப் பொட்டுக்கடலை மாவு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, திரித்துச் சலித்துச் சர்க்கரையும் காய்ச்சிய நெய்யும் சேர்த்தால் முடிந்தது. கடலை மாவு லட்டு இவருக்காகக் கற்றுக்கொண்டது, வேலை பார்த்த ஊரில் அவருக்குப் பழகிய ருசி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. கடலை மாவு என்பது பச்சைக் கடலைப்பருப்பை அரைத்தது. அதை நெய்யில் வறுத்து வேக வைக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. இந்த லட்டில் சர்க்கரை, ஏலக்காய், முந்திரி எல்லாம் கடைசியில் வருகிற விருந்தாளிகள். வறுப்பது ஒன்றுதான் சமையல், அது எப்போது முடிந்தது என்று தெரிய வேண்டும்.

அதைத்தான் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. நான் அடுப்படியில் கிளறிக்கொண்டிருப்பேன், அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு கட்டத்தில் "வாசனை வந்தாச்சு, இறக்கிடு" என்று குரல் வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். சமையல்கட்டுப் பக்கம் தலைகாட்டாத மனுஷர், அடுப்புக்கு எதிரே நிற்கிற எனக்கே தெரியாதது இவருக்கு எப்படித் தெரியும் என்று முணுமுணுப்பேன். ஆனாலும் இறக்கிவிடுவேன். லட்டு சரியாக வரும். பேர் எனக்கு வரும்.

சரி, அந்த எழுபது லட்டுக்கு வருகிறேன். அவர் குரல் இல்லாததால் கைப்பேசியில் ஒரு செய்முறை பார்த்தேன். சிறு தீயில் இருபது நிமிடம் வறுக்கவும் என்று இருந்தது. ஒரு கிலோ மாவைச் சலித்து, அரை கிலோ நெய்யில் கொட்டி, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கிளறினேன். வீடு முழுக்க மணந்தது. நல்ல மஞ்சளாகவும் இருந்தது. இறக்கி ஆற வைத்து, முக்கால் கிலோ பொடித்த சர்க்கரை கலந்து, எழுபத்துமூன்று உருண்டை பிடித்தேன். மூன்றை எனக்கு வைத்துக்கொண்டு எழுபதைக் கொடுத்தனுப்பினேன். ஒன்றைக்கூட அப்போது வாயில் போட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு இனிப்பு சாப்பிடத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன், தோன்றாவிட்டாலும் ஒரு விள்ளல் வாயில் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க, லட்டு மேலண்ணத்துல அப்பிக்கிச்சு. பிள்ளைங்க ஒரு கடி கடிச்சிட்டு வெச்சிட்டாங்க." அவள் போன பிறகு வைத்திருந்த மூன்றில் ஒன்றைக் கடித்தேன். நெய் வாசனையும் தித்திப்பும் முதலில் நன்றாகத்தான் இருந்தன. மென்றதும் பசை மாதிரி அண்ணத்தில் ஒட்டியது, பின்னாலேயே பச்சைப் பருப்பின் ருசி வந்தது. மாவு வறுபடவே இல்லை. செய்முறையில் சொன்ன இருபது நிமிடம் கால் கிலோ மாவுக்கு. அந்த அளவைப் படித்தேன், ஆனால் மனசில் வாங்கவில்லை. நான் போட்டது அதைப்போல நாலு மடங்கு. அளவு கூடினால், சட்டி மாறினால், தீ மாறினால், மாவு நைஸாகவோ கொரகொரப்பாகவோ இருந்தால் நேரமும் மாறும். யாருடைய நிமிடக் கணக்கும் உங்கள் அடுப்புக்குச் செல்லாது.

சர்க்கரை கலந்த லட்டை உடைத்து மறுபடி வறுக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. மாவு வறுபடுவதற்குள் சர்க்கரை இளகிப் பாகாகிக் கருகத் தொடங்கிவிடும். அதனால் பச்சை இருக்கிறதா என்று சோதிப்பதைச் சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். சட்டியிலிருந்து கால் கரண்டி எடுத்து ஒரு தட்டில் பரப்பி இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். ஒரு சிட்டிகையை நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் இன்னும் வறுபட வேண்டும். மணல் மாதிரி உதிர்ந்து கரைந்தால் ஆயிற்று. சூடாக இருக்கும்போது பார்த்தால் நாக்கு சுடும், ருசியும் தெரியாது.

இரண்டாவது முறை வீம்பில் செய்தேன். முன்பணத்துக்குப் பதிலாக வேறு லட்டு தருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மறுபடி ஒரு கிலோ மாவு, அரை கிலோ நெய். இந்த முறை பச்சையாக விடக் கூடாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. நாற்பது நிமிடம் ஆகியும் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் வறுபடவில்லை போலிருக்கிறது என்று தீயைக் கொஞ்சம் கூட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக "என்னம்மா, அடிப்பிடிக்குதா?" என்று கேட்டபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. கரண்டியால் அடியைச் சுரண்டினேன். பழுப்புத் துணுக்குகள் மேலே வந்தன. அடுப்பை அணைத்துவிட்டு, இரும்புச் சட்டியிலேயே விட்டுவிட்டேன். அது அடுத்த தப்பு. கனமான சட்டி அடுப்பை அணைத்த பிறகும் சில நிமிடம் மாவை வறுத்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மொத்தமும் செங்கல் நிறம், வாயில் வைத்தால் கசப்பு. கசப்பு வந்த மாவுக்கு மருந்து கிடையாது. சர்க்கரையைக் கூட்டினால் தித்திப்பும் கசப்புமாக இரண்டும் தனித்தனியே தெரியும்.

அன்றைக்கு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். லட்டுக்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள். அவர் போன அன்றுகூட வந்தவர்களைக் கவனிக்கிற வேலையில் அப்படி அழவில்லை. எதிர்வீட்டு அம்மாளுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்த வாசனை, சட்டிக்கு நேர் மேலே முகத்தை வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அவர் மூக்கு என் மூக்கைவிட ஒசத்தி ஒன்றும் இல்லை. அவர் கூடத்தில் இருந்தார், அவ்வளவுதான். ஒரே வாசனையில் நின்றுகொண்டே இருந்தால் மூக்கு அதற்குப் பழகிப்போய், சொல்வதை நிறுத்திவிடும். பூக்கட்டுகிறவர்களுக்குப் பூ மணக்காத மாதிரிதான். அரை மணி நேரம் நெய்ச் சட்டிமேல் குனிந்து நிற்கிறவளுக்கு மாவு மாறுவது எங்கே தெரியும்?

மூன்றாவது முறை நான் லட்டு செய்யவே இல்லை. வாசனையை மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு கிலோ மாவும் மிஞ்சியிருக்கும், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கால் கிலோ மாவு, நூற்றிருபத்தைந்து கிராம் நெய், அடி கனமான சட்டி, சிறு தீ. மேடையில் ஆறு சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கிண்ணம் வேண்டுமென்றே கருக விடுவதற்கு. எல்லாம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, சட்டியைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, முகம் கழுவி, கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு வந்தேன். அப்புறம் கிண்ணம் கிண்ணமாக முகர்ந்து பார்த்தேன்.

முதல் கிண்ணத்தில் பஜ்ஜி மாவு கரைத்த பாத்திரத்தின் வாசனை. ஈரப் பருப்பு, கொஞ்சம் பச்சை இலை மாதிரி ஒன்று. இது எல்லோருக்கும் தெரியும், இதில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாறுவது இரண்டாவது கிண்ணத்தில். பத்து நிமிடத்தில் எடுத்தது. கமகமவென்று இருந்தது. இதே மணத்தை நம்பித்தான் முதல் தடவை இறக்கினேன். ஆனால் அது மாவின் வாசனை இல்லை, சூடேறிய நெய்யின் வாசனை. கிண்ணத்தை மூக்குக்கு அருகே வைத்து மெதுவாக இழுத்தால் நெய்க்கு அடியில் பஜ்ஜி மாவு அப்படியே உட்கார்ந்திருந்தது. நெய் முந்திக்கொண்டு வரும், மாவு பின்னால்தான் வரும். இந்த ஒன்று தெரிந்திருந்தால் எழுபது லட்டும் தப்பியிருக்கும்.

மூன்றாவது கிண்ணம் எனக்கு வியப்பாக இருந்தது. பதினைந்து நிமிடம். பச்சை வாசனை போய்விட்டது, ஆனால் அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. வறுத்த அரிசி மாவு போல சாதுவான ஒரு வாசனை. சட்டியிலும் அந்த நேரத்தில் ஒரு மாற்றம் இருந்தது. அதுவரை கட்டியாக, கரண்டியோடு சேர்ந்து சுற்றிய மாவு திடீரென்று தளர்ந்து, பளபளப்பாகி, கரண்டியிலிருந்து வழிந்தது. முதலில் நெய்யைக் குடித்த மாவு அதைத் திரும்ப விடுகிற நேரம் அது. மாவில் ஈரம் இருக்கிறவரை அதன் சூடு பெரிதாக ஏறாது, ஈரம் போன பிறகுதான் சிவக்கத் தொடங்கும். அதனால் தளர்ந்த பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். முதல் கால் மணி நேரம் சும்மா கிளறினால் போதும். தளர்ந்ததும் போன் வந்தால்கூட எடுக்காதீர்கள்.

நாலாவது கிண்ணம்தான் நான் தேடியது. வறுத்த வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதினால் வருமே, அந்த வாசனை. இப்போது நெய் தனியாகத் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஐந்தாவதில் அது இன்னும் ஆழமாக, மைசூர்பாகு துண்டு போடும்போது வருகிற மாதிரி இருந்தது. சிலருக்கு இதுதான் பிடிக்கும். அவருக்கும் இதுதான். ஆறாவது கிண்ணத்தில் காப்பிக்கொட்டை வறுக்கிற நெடி, மூக்கின் உள்ளே லேசாக உறைத்தது. நாக்கில் வைத்தால் முதலில் நன்றாக இருந்து, விழுங்கிய பிறகு தொண்டையில் கசந்தது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் என் அடுப்பில் பத்தே நிமிடம். நிறத்தில் நாலும் ஐந்தும் எனக்குப் பெரிய வித்தியாசமாகவே தெரியவில்லை, அதுவும் அடுப்படியில் இருக்கிற மஞ்சள் விளக்கில். கண்ணை நம்பாமல் மூக்கை நம்பச் சொல்வது இதனால்தான்.

வாசனைகள் மனசில் பதிந்துவிட்டன. ஆனால் கிளறுகிறவளும் நான், முகர்கிறவளும் நான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருப்பது? நாலாவது முறை, அரை கிலோ மாவு போட்டபோது, மாவு தளர்ந்த பிறகு ஐந்து நிமிடம் வறுத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அணைத்தும் அரை நிமிடம் விடாமல் கிளறினேன், இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும். பிறகு சட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். ஒன்றும் தெரியவில்லை. ஊதுபத்தி வாசனைதான் வந்தது. காலையும் மாலையும் அவர் படத்துக்கு ஏற்றி வைப்பது, கூடம் முழுக்க அதுதான் நிறைந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரே இங்கே உட்கார்ந்திருந்தாலும் இன்றைக்கு ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

கொல்லைப் பக்கம் போய் நின்று பத்து மூச்சு இழுத்துவிட்டு, அடுப்படி வாசற்படிக்குத் திரும்பினேன். உள்ளே போகவில்லை, படியிலேயே நின்றேன். முதல் மூச்சில் நெய். அதற்குப் பின்னால் வேர்க்கடலை, ஆனால் மெலிசாக. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது. மறுபடி சிறு தீயில் ஐந்து நிமிடம் வறுத்து, அணைத்துக் கிளறி, இறக்கி, வெளியே போய், படிக்கு வந்தேன். இந்தத் தடவை வாசற்படியை மிதிக்கும் முன்பே மைசூர்பாகு வந்துவிட்டது. முதல் ஒன்றிரண்டு மூச்சுக்குத்தான் மதிப்பு, அதற்கு மேல் அங்கேயே நின்று யோசித்தால் மூக்கு மறுபடியும் பழகிவிடும். உடனே மாவை அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினேன். சட்டியில் விடவில்லை.

இந்த அணைத்து ஏற்றும் வேலையில் மொத்தம் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வீட்டில் வேறு யாராவது இருந்தால் இன்னும் சுலபம், அவர்களைத் தள்ளி உட்கார வைத்து, வேர்க்கடலை வாசனை வந்தால் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். சளி பிடித்திருக்கும் நாளில் வறுக்காதீர்கள். புகையை இழுக்கிற மின்விசிறி ஓடினால் வாசற்படிக்கு வாசனையே வராது, கடைசிக் கட்டத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். பழைய மாவில் சிக்கு வாசனை இருந்தால் எவ்வளவு வறுத்தாலும் போகாது. பாக்கெட்டைப் பிரித்ததும் வெறும் மாவை ஒருமுறை முகர்ந்துவிட்டே நெய்யை எடுங்கள்.

சர்க்கரை சேர்ப்பதற்குப் பெரிய வித்தை இல்லை. தாம்பாளத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சுகமான சூடாக, கையை எடுக்கத் தோன்றாத அளவுக்கு இருந்தால் சேர்க்கலாம். அதற்கு முன்னால் சேர்த்தால் சர்க்கரை இளகி உருண்டை உட்கார்ந்துவிடும். அரை கிலோ மாவுக்கு முந்நூற்று எழுபத்தைந்து கிராம் பொடித்த சர்க்கரை, நாலு ஏலக்காய். முப்பத்தாறு வந்தது. முதல் உருண்டையைக் கடித்தேன், அண்ணத்தில் ஒட்டவில்லை. மறுநாள் இன்னொரு அரை கிலோ வறுத்தேன். ஒரே சட்டியில் ஒரு கிலோ போடுகிற துணிச்சல் இன்னும் வரவில்லை. பிறந்த நாள் என்றைக்கோ முடிந்துவிட்டிருந்தாலும், இரண்டு ஈட்டிலும் சேர்ந்த எழுபதை அந்தப் பெண்ணின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஊதுபத்தியை மட்டும் இப்போது லட்டு பிடித்து முடித்த பிறகுதான் ஏற்றுகிறேன்.